இன்னொரு பார்ட்டி

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதப் போகிறேன் என்றதும் என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட என்னோடு பதினொரு வருடமாகச் சண்டை போடாமல் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

என் கணவரின் அண்ணன் மனைவி. நான் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவேன். பெரிய துணிக்கடை ஒன்றில், இரண்டாவது மாடியில், இருபத்திரண்டு வருடமாக விற்பனைப் பெண். நாள் முழுக்க நின்றே வேலை. கடைக்குள் நுழைகிறவர் வாங்க வந்தவரா, ஏசி காற்று வாங்க வந்தவரா என்று படி ஏறும்போதே சொல்லிவிடுவார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். பேச்செல்லாம் கடையிலேயே செலவாகிவிடுகிறது என்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். அச்சகத்தில் மெஷின் ஓட்டும் என் கணவருக்கு ஒரு விபத்தில் கால் முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். நாங்கள் வாடகைக்கு இருந்தது மூன்றாவது மாடி. ஒவ்வொரு நாளும் அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவார். போதாக்குறைக்கு வீட்டுக்காரர் இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். இனி வாடகை வீடே வேண்டாம், தரைத் தளத்தில் சின்னதாக ஒரு சொந்த வீடு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். வங்கியில் நாற்பது லட்சம் வரை கடன் தருவதாக எழுதியே கொடுத்துவிட்டார்கள். பதிமூன்று லட்சம் எங்கள் இருவரின் சேமிப்பு. பதிவுச் செலவுக்கும் புரோக்கர் கமிஷனுக்கும் தனியாக எடுத்து வைத்திருந்தோம். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் ஒரு வீட்டைக் காட்டினார். தரைத் தளம், இரண்டு அறை, பின்பக்கம் துணி காயப்போட இடம். விலை ஐம்பத்தெட்டு லட்சம். உள்ளே நுழைந்ததும் என் கணவர், “ஒரு படி கூட இல்ல பாரு!” என்று குழந்தை மாதிரி கத்தினார். நான் மட்டும் என்ன, பெரிய சாமர்த்தியசாலியா? கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து ஜன்னலை அளக்க ஆரம்பித்தேன். திரைச்சீலைக்கு! விலையே பேசாத வீட்டில்! புரோக்கர் கதவோரம் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

“மேடம், இன்னொரு பார்ட்டி வந்திருக்காங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு டோக்கன் அட்வான்ஸ் போடப் போறாங்க. நீங்க ஆசைப்பட்டீங்களேன்னு ஓனர்கிட்ட கெஞ்சி அம்பத்தேழுக்குக் கொண்டுவந்திருக்கேன். நாலு மணிக்குள்ள ரெண்டு லட்சம் கொண்டு வந்தீங்கன்னா வீடு உங்களுக்கு.”

“பத்திரமெல்லாம் பாக்க வேண்டாமா சார்?”

“டோக்கன் போட்டதும் எல்லாம் தருவேன் மேடம். நேரம் இல்ல.”

ஐம்பத்தேழுக்கு நாலு லட்சம் குறைகிறது என்பது தெரியும். எங்கேயாவது புரட்டிக்கொள்ளலாம், வீடு கையை விட்டுப் போகக் கூடாது என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. அரை நாள் லீவு சொன்னேன். வங்கிக்குப் போய் ஒன்றரை லட்சம் எடுத்தேன், மற்றதெல்லாம் வைப்பு நிதியில் மாட்டிக்கொண்டிருந்தது. மீதி ஐம்பதாயிரத்துக்கு யாரைக் கேட்பது? அக்காவைக் கூப்பிட்டேன்.

“ரெண்டு மணிக்குச் சாப்பாட்டு நேரம். கடைக்கு வா” என்றார்.

துணிக்கடையின் பின்பக்கம் பெட்டிகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. அதில்தான் அவர்கள் சாப்பிடுவது. அக்கா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சொன்னதை முழுதும் கேட்டார். டேப் விஷயத்தைச் சொன்னதும் சாப்பாடு புரையேறும் அளவுக்குச் சிரித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

“கோவப்படாதே. துணியைத் தோள்ல போட்டு கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சிட்டா பாதி வியாபாரம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அவர் சொன்னாரே இன்னொரு பார்ட்டி, அவங்கள எனக்கு நல்லாத் தெரியும். ‘இதையே ஒருத்தங்க எடுத்து வைக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க’ன்னு நான் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்றேன். அந்த ஒருத்தங்க யாருன்னு எனக்கே தெரியாது. இருபத்திரண்டு வருஷமா அவங்கதான் எனக்குச் சோறு போடறாங்க.”

“அப்ப பொய்யா? இப்பவே அந்த ஆளை...” என்று நான் போனை எடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“பொய்யாத்தான் இருக்கணும்னு இல்ல. சில நாள் நெஜமாவே ஒருத்தங்க வந்து வாங்கிட்டுப் போயிடுவாங்க. அதனால திட்டாதே. அவர் உனக்கு எதிரி இல்ல. வாங்கறவங்க, விக்கறவங்க ஒவ்வொரு பக்கமும் நூத்துக்கு ஒண்ணு கமிஷன்னு சொன்னேல்ல? விலை ஒரு லட்சம் எறங்கினா அவருக்கு ஒரு பக்கம் ஆயிரம்தான் போகும். வியாபாரமே உடைஞ்சா அம்பதாயிரத்துக்கு மேல போயிடும். அவருக்கு விலையைவிட வியாபாரம் முடியறதுதான் முக்கியம்.”

பிறகு ஒரு பழைய பில்லைத் திருப்பி என்னிடம் நீட்டினார். “எவ்வளவுக்கு மேல போனா எழுந்து வந்துடுவே? எழுது. மனசு அமைதியா இருக்கறப்ப எழுதினதுதான் கணக்கு. அங்க போய் மாத்தக்கூடாது. உன் புருஷன்கிட்ட காட்டாதே. அவர் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும்.”

ஐம்பத்து மூன்று என்று எழுதினேன். அக்கா பக்கத்திலிருக்க, புரோக்கரைக் கூப்பிட்டேன்.

“சார், வீடு பிடிச்சிருக்கு. பத்திர நகல் கொடுங்க, வக்கீல் பார்க்கட்டும். சரியா இருந்தா உக்காந்து பேசலாம். பாக்காம பணம் தர முடியாது.”

“அப்ப அஞ்சு மணிக்கு அவங்களுக்குப் போயிடும் மேடம். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன் சார். அமைஞ்சா அவங்களுக்கே கொடுங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐந்து மணி ஆனது. ஆறானது. போன் வரவில்லை. மூன்றாவது மாடிக்குக் கம்பிக் காலோடு ஏறி வந்து, மூச்சு வாங்கி உட்கார்ந்த கணவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் பேச்சைக் கேட்டு வீட்டைக் கோட்டை விட்டோம் என்று மனதுக்குள் அவரைத் திட்டியும் தீர்த்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை புரோக்கரே கூப்பிட்டார். அந்தப் பார்ட்டிக்குக் கடனில் ஏதோ சிக்கலாம். உண்மையோ பொய்யோ, நான் கேட்கவில்லை. நகல்கள் வந்தன. வக்கீல் பார்த்துவிட்டு, வீடு ஒரு வங்கியில் அடமானத்தில் இருக்கிறது, தப்பில்லை, ஆனால் பாக்கிப் பணத்தில் அந்தக் கடனை நேராக வங்கிக்கே கட்டி மூலப் பத்திரத்தை மீட்ட பிறகுதான் கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்றார். அன்றைக்கு இரண்டு லட்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருந்தால் இதெல்லாம் யார் பார்த்திருப்பார்கள்?

அக்கா இன்னொரு வேலையும் சொல்லியிருந்தார். “அந்தத் தெருவுல போய்ச் சும்மா பேச்சுக் கொடுங்க.” அதை என் கணவர் ஏற்றுக்கொண்டார். குச்சியை ஊன்றிக்கொண்டு போய், தெருமுனைக் கடையில் ஒரு சோப்பு வாங்கி, முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தார். வீடு ஏழு மாதமாக விற்காமல் கிடக்கிறது. ஓனர் வேறு வீடு வாங்கிக் குடிபோய்விட்டார். இரண்டு வீட்டுக்கும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். “அவசரம் நமக்கு மட்டும் இல்லடி!” என்று அவர் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அக்காவின் வார விடுமுறை நாளில் புரோக்கரின் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். ஓனர் உள் அறையில், நாங்கள் வெளியே. நடுவில் புரோக்கர் நடையாய் நடந்தார். நான் வங்கிக் கடிதத்தை மேசை மேல் வைத்து, நாற்பத்தொன்பது என்றேன். முப்பது நாளில் பதிவு, தாமதம் இருக்காது என்றேன். உள்ளே போய் வந்து ஐம்பத்தாறு என்றார். நான் ஐம்பத்தொன்று. அவர் ஐம்பத்தைந்து, இதுதான் கடைசி. நான் ஐம்பத்திரண்டு. இந்த முறை உள்ளே வெகு நேரம் ஆனது.

திரும்பி வந்தவர் குரலைத் தாழ்த்தினார். “அம்பத்து நாலு மேடம். ஓனர் கிளம்பிட்டார், வண்டி சாவி கையில இருக்கு. இந்த நிமிஷம் சொல்லணும்.”

ஒரு லட்சம். ஒரே ஒரு லட்சம்தானே! சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அக்காவைப் பார்த்தேன். மேசைக்குக் கீழே என் கையை மட்டும் பிடித்திருந்தார்.

“கொஞ்சம் யோசிச்சு நாளைக்குச் சொல்றோம் சார்” என்று எழுந்தேன்.

கடையில் இருப்பவர்கள் பயப்படுவது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் என்று அக்கா பிறகு சொன்னார். நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே, “ஒரு நிமிஷம் நில்லுங்க” என்று புரோக்கர் உள்ளே ஓடினார். ஐம்பத்திரண்டரைக்கு முடிந்தது. கடன் கிடைக்காவிட்டாலோ பத்திரத்தில் கோளாறு வந்தாலோ முன்பணம் திரும்ப வரும் என்று எழுதி, கையெழுத்தும் ரசீதும் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தோம். அந்தப் புரோக்கர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. அடமானம் மீட்கிறவரை அவர்தான் வங்கி வங்கியாக எங்களோடு அலைந்தார்.

வெளியே வந்ததும் நடுத்தெருவில் அக்காவைக் கட்டிக்கொண்டேன். “இதெல்லாம் கடையில கத்துக்கிட்டதா அக்கா?” என்றேன்.

“இல்ல” என்றார். “ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நாங்க ஒரு வீட்டுக்கு டோக்கன் போட்டோம். மத்தியானம் பாத்தோம், சாயங்காலமே மூணு லட்சம் கொடுத்தோம். இன்னொரு பார்ட்டி வர்றாங்கன்னாங்க. ரசீது கூட வாங்கல. வீடு மேல கேஸ் இருந்தது. பணம் வரவே இல்ல. நாள் முழுக்க அதே பொய்யைச் சொல்றவ நான், எனக்கே அது தெரியல. என் வீடாச்சே, எப்படித் தெரியும்? அன்னிக்கு என் பக்கத்துல யாரும் இல்ல.”

குடும்பத்தில் யாருக்கும் இது தெரியாது. அவர்கள் இருந்தது அப்போதும் வாடகை வீட்டில்தான். தனக்கு வீடு இல்லாதவர் விடுமுறையை விட்டுவிட்டு எனக்கு வீடு வாங்கித் தர வந்திருந்தார். அவர் பேருந்து ஏறும்வரை கூடவே நின்றேன்.

அக்கா அனுமதி கொடுத்துத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் அவர்கள் ஒரு வீட்டுக்குப் பேசி முடித்தார்கள். நாலு மணிக்குள் சொல்ல வேண்டும் என்று அங்கிருந்த புரோக்கர் சொன்னபோது, அக்கா மேசைக்குக் கீழே என் கையைத் தேடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.