மூன்று மூட்டை அரிசி

வீரபாண்டி பனியன் கம்பெனி கேண்டீனில் தினசரிச் சாப்பாட்டுக் கணக்கு எழுதுவது என் வேலை. சனிக்கிழமைகளில் அந்த வாரக் கணக்கைக் கூட்டி, சாப்பாட்டுக்கு நூற்றைம்பது கிராம் அரிசி, நூறு கிராம் காய் என்று பெருக்கி, அடுத்த வாரத்துக்கு வாங்க வேண்டியதை எழுதிக் கொடுப்பேன். வெளிநாட்டு ஆர்டர் நின்று ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வருடம் அது. வழக்கமான எட்டு மூட்டை அரிசி, மூன்றாகிவிட்டது.

சமையல் அக்கா எட்டிப் பார்த்தார்.

“எத்தன மூட்டை கண்ணு?”

“மூணுங்கக்கா.”

“மூணு மூட்டைய வேகவெக்க ரெண்டு பேரு எதுக்கும்பாங்க. ஒண்ணு சேத்தி எழுதேன்.”

“மேனேஜர் ரிஜிஸ்டரோட ஒத்துப் பாப்பாருங்கக்கா.”

“அப்ப எழுது சாமி. நீ என்ன பண்ணுவே.”

மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கூட்டும்போது தினமும் ஒரு சாப்பாடு குறைந்திருந்தது. அது அக்காவுடையது.