கம்பிக் கட்டிலும் கறுப்புக் கயிறும்

கறம்பக்குடியில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் நர்சம்மா சந்தனமேரியிடம் திட்டு வாங்கிய கதை ஒன்றைச் சொல்வாள். வாங்காதவள் ஒருத்தி இருந்தால் அவள் வெளியூரில் போய்ப் பெற்றவளாக இருப்பாள். பிரசவ விடுதி எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு கள்ளிவேலிதான். அதனால் திட்டுகளில் பாதி என் காதிலும் விழும்.

ஆள் கெட்டிக்காரி. ஐம்பதுகளில் எங்கள் பக்கம் தாயும் பிள்ளையும் பிழைத்துக் கிடந்தார்கள் என்றால் அதில் அவள் கைக்குப் பங்கு உண்டு. எந்நேரம் கூப்பிட்டாலும் மாட்டுவண்டியில் ஏறிவிடுவாள். ஆனால் வாய் இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியாது. தப்பு செய்தவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல அவளுக்கு வராது. கூட்டத்தில் நிறுத்திவைத்துத்தான் சொல்வாள். மற்றவளுக்கும் உறைக்க வேண்டுமாம். அதற்கென்றே புதன்கிழமைதோறும் விடுதித் தாழ்வாரத்தில் தாய்மார்களைக் கூட்டி உட்காரவைப்பாள். பால் பவுடர் கொடுப்பதும் அன்றைக்குத்தான் என்பதால் ஒருத்தியும் தப்ப முடியாது.

அப்படி ஒரு புதன்கிழமையில்தான் ராக்காயி மாட்டிக்கொண்டாள். வடக்குத் தெருவில் களையெடுக்கப் போகிறவள் அவள். மகனைக் கயிற்றுக் கட்டிலில் தூங்கப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போயிருக்கிறாள். கட்டிலை ஒட்டி நெல் மூட்டை. பிள்ளை விழித்து, மூட்டையில் கால் வைத்து ஏறி, அந்தப் பக்கமாகக் கீழே விழுந்து உதடு கிழிந்துவிட்டது. உதட்டுக்கு மருந்து போட்டது சந்தனமேரிதான். மருந்தைப் போட்ட கையோடு தாழ்வாரத்தில் நிறுத்தியும் வைத்தாள்.

“ஏறுற பிள்ளைய ஒசரத்துல போடுவாங்களா? காலத் தூக்கிப் போட ஆரம்பிச்சிருச்சுன்னா அப்பறம் கட்டிலு எதுக்கு? தரையில பாய விரி. பக்கத்துல வெளக்கு, அடுப்பு, தண்ணித் தொட்டி ஒண்ணும் எட்டக் கூடாது. மூட்டை, பெட்டின்னு ஏறுறதுக்குத் தோதா எதுவும் இருக்கக் கூடாது. வாசலத் தட்டி வச்சு அடை. பெத்துட்டாப் போதுமா ராக்காயி, மூளை வேணாமா?”

சொன்னது அத்தனையும் சரி. கடைசி வரி மட்டும்தான் மருந்து இல்லை. ராக்காயி பிள்ளையை மடியில் அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடியே இருந்தாள். பால் பவுடரை வாங்காமலே எழுந்து போனாள். அது எனக்கு வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. சந்தனமேரிக்குத் தெரிந்ததா என்று தெரியாது.

சந்தனமேரிக்கும் ஒரு மகன் இருந்தான். பெயர் சவரிமுத்து. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்தவன். அப்பா செல்லமுத்து பஸ் கண்டக்டர். வாரத்தில் பாதி நாள் புதுக்கோட்டையிலேயே தங்கிவிடுவார். விடுதிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டில் பையன் தூங்குவதற்கு ஒரு கம்பிக் கட்டில் கிடந்தது. சந்தனமேரி வேலை படித்த ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா, ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. நாலு பக்கமும் வெள்ளைப் பெயின்ட் அடித்த கம்பிக் கிராதி. அடிப்பலகையை மேலும் கீழுமாக இரண்டு கொக்கிகளில் மாட்டிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் அதுபோல ஒன்றை யாரும் பார்த்ததில்லை. பிரசவத்துக்கு வந்தவர்கள் ஊருக்குப் போகுமுன் அதை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். மேற்பார்வைக்கு வந்த டாக்டரம்மா ஒருத்தர், “பிள்ளைய வளக்கிறதுன்னா இப்படி வளக்கணும்” என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு சந்தனமேரி தரையில் நடக்கவில்லை.

பையனுக்கு இரண்டு வயது நெருங்கியது. ஒருநாள் மத்தியானம் தூங்கி எழுந்தவன், கிராதிமேல் ஒரு காலைப் போட்டுக் குதிரை ஏறுகிறவன்போல உட்கார்ந்திருந்தான். சந்தனமேரி பார்த்துத் தூக்கிவிட்டாள். முதல் வேலையாக அடிப்பலகையைக் கீழ்க் கொக்கிக்கு இறக்கினாள். அது சரியான காரியம்தான். ஆனால் சுற்றிலும் கம்பி இடிக்காமல் இருக்கட்டும் என்று வைத்திருந்த தலையணைகளை எடுக்கவில்லை. சவரி அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு ஏறினான். தலையணைகளை எடுத்தாள். அவன் வெறும் பலகையில் நின்றே கிராதியில் கால் போடப் பழகிக்கொண்டான். நின்றால் கிராதி அவன் நெஞ்சுக்குக்கூட எட்டவில்லை.

அந்த இடத்தில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கறம்பக்குடியில் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். ராக்காயிக்குச் சொன்னதுதான். தரையில் பாய். அதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. பாயில் போட்டால் வருகிறவர்கள் கட்டில் எங்கே என்று கேட்பார்கள். ஏறிக் குதிக்கிறான் என்று சொல்ல வேண்டும். நர்சம்மா பிள்ளையும் ஏறிக் குதிக்கிறதாம் என்று ஊர் பேசும். ராக்காயி காதிலும் விழும். இதை அவளே பின்னால் வேலியோரம் நின்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே கிராதியை உயர்த்தினாள். மூங்கில் குச்சிகளைச் சீவிக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டி, குறுக்கே பிளந்த மூங்கில் பிளாச்சு இரண்டு வரிசை வைத்தாள். குச்சிகளின் நுனி மேலே துருத்திக்கொண்டு நின்றது. அதை யாரும் பார்க்காதபடி ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

சவரியின் இடுப்பில் கெட்டியான கறுப்பு அரைஞாண் கயிறு. வேளாங்கண்ணியில் வாங்கிய, காசளவு மாதா சுரூபம் ஒன்று அதில் தொங்கியது. எங்கள் பக்கம் கயிறு இல்லாத பிள்ளை கிடையாது, எந்தச் சாமியைக் கும்பிட்டாலும். அதைப் பற்றி அவளும் நினைக்கவில்லை, நானும் நினைத்திருக்க மாட்டேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் விடுதியில் ஒரு பிரசவம். பையனைத் தூங்க வைத்துவிட்டுச் சந்தனமேரி அங்கே இருந்தாள். புதன்கிழமை விட்டுப்போன பால் பவுடரை வாங்க வந்த ராக்காயி, பின்பக்கம் ஏதோ முனகல் கேட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். சவரி கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தான். ஏறித் தாண்டிவிட்டான், இடுப்புக் கயிறு மட்டும் மூங்கில் நுனியில் மாட்டிக்கொண்டது. தலை கீழே, கால் மேலே. கயிறு வயிற்றில் பதிந்து கிடந்தது. அழுவதற்கு மூச்சு இல்லை.

ராக்காயி முதலில் பிள்ளையைத் தூக்கித் தன் தோளில் தாங்கினாள். பாரம் விட்ட பிறகுதான் கயிற்றை விடுவிக்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து அறுத்தாள்.

அவள் கயிற்றைத் துப்பும்போது சந்தனமேரி வந்து நின்றாள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிய ஈரம் கையில் அப்படியே இருந்தது. பிள்ளையை வாங்கிப் பாயில் கிடத்தி, மூச்சைப் பார்த்தாள், கையையும் காலையும் மடக்கிப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். இடுப்பைச் சுற்றிச் சிவந்த தடம். அவன் ஓவென்று அழத் தொடங்கியதும் அவளுக்கு உயிர் வந்தது.

உயிர் வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

“ராக்காயி, வெளிய சொல்லிறாத.”

நன்றி இல்லை, உட்கார் என்பது இல்லை. சொன்ன மறு நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்ததாம்.

ராக்காயி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “நான் யாருட்டம்மா சொல்லப் போறேன். எம்புள்ள விழுந்தன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி கேட்டீங்கள்ல, வீட்டுக்குப் போயி அவனத் தூக்குறதுக்கே எனக்குக் கூசுச்சு. அந்தக் கூச்சம் ஒங்களுக்கு வேணாம்.”

பால் பவுடரை அன்றும் அவள் வாங்கவில்லை. வந்த காரியமே மறந்துபோயிருக்கும்.

சாயங்காலம் சந்தனமேரி மூங்கில் குச்சிகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதைப் பார்த்தேன். கட்டிலைப் பிரித்துச் சுவரோடு சாத்தினாள். பிறகு சாய்ந்து பிள்ளைமேல் விழும் என்று தோன்றியதோ என்னவோ, தூக்கிக்கொண்டு போய் விடுதி அறையில் போட்டுப் பூட்டினாள். வீட்டில் தரையோடு ஒரு பாய், ஒரு மெல்லிய விரிப்பு. தண்ணீர்க் குடத்தை வெளியே இருந்த அடுக்களைக்குள் நகர்த்தி, அரிக்கேனை ஆணியில் ஏற்றி, ஜன்னலுக்குக் கீழே இருந்த டிரங்குப் பெட்டியை அப்பால் இழுத்துப் போட்டு, வாசலுக்கு ஒரு தட்டி கட்டினாள். எல்லாம் அரை மணி வேலைதான். அதைச் செய்ய முடியாமல்தான் அத்தனை நாள் மூங்கில் சீவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை கூட்டம் வழக்கம்போல் கூடியது. மூக்காயி என்கிற சின்னப் பெண் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து, “நர்சம்மா, இவ கட்டில விட்டு ஏறி எறங்குறா. கட்டிலச் சுத்திக் கயிறு கட்டிவிடலாமா?” என்று கேட்டாள்.

சந்தனமேரி வாயைத் திறந்தாள். பாடம் மனப்பாடம். கடைசி வரிசையில் ராக்காயி இருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு வசவு வாங்கும்போது குனிந்தாளே, அதே குனிவு. நீ என்ன பொய் சொன்னாலும் நான் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்வதற்காகக் குனிந்தாள் என்பது சந்தனமேரிக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் கறுத்துப் போனது.

உள்ளே போய்ச் சவரியைத் தூக்கி வந்தாள். சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினாள். தடம் இன்னும் முழுதாக மறையவில்லை.

“கயிறு கட்டாத மூக்காயி. கட்டிலயும் ஒசத்தாத. நான் ஒசத்துனேன். எம்புள்ள தாண்டிப் போயி அர்ணாக்கயித்துல மாட்டித் தலகீழாத் தொங்குனான். பாயில போடணும்னு தெரிஞ்சே, நாலு பேரு என்ன சொல்லுவாகளோன்னு கட்டில்ல போட்டேன். ராக்காயி வரலன்னா இன்னைக்கு இவன் இல்ல. இங்கன வச்சுத்தான் நான் அவள மூளை இல்லையான்னு கேட்டேன்.”

அவள் குரல் அந்தத் தாழ்வாரத்தில் அவ்வளவு மெதுவாக ஒலித்து நான் கேட்டதில்லை. வேலியை ஒட்டி வந்து நின்றால்தான் கேட்டது. மூக்காயிக்கு ஊர் விவரம் போதாது. மனதில் தோன்றியதைக் கேட்டுவிடுகிற வயது.

“அப்ப ஒங்கள யாரும்மா வஞ்சது?”

சந்தனமேரி பையனின் சட்டையை இறக்கிவிட்டாள். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தாள்.

“யாரும் வையல” என்றாள்.

அதற்குமேல் அவளால் கூட்டம் நடத்த முடியவில்லை. ராக்காயி எழுந்து வந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். சந்தனமேரி பால் பவுடர் டப்பாவைத் திறந்து அளக்க ஆரம்பித்தாள்.