முத்திரைத் தீர்வை யார் தலையில்?

ஏறாவூர் பஹீமா தைத்த சட்டையில் அளவு தப்பியது என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. அவளுக்குத் தப்பியதெல்லாம் கடைகள்தான். மூன்று இடத்தில் கடை வைத்தாள். மூன்றையும் வாய்ப்பேச்சை நம்பி எடுத்தாள். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் மெஷினைப் போட்டு, பள்ளிக்கூடச் சீருடையும் கல்யாணச் சோளியும் தைத்து, அந்த இடத்துக்கு ஒரு பேரை உண்டாக்கிவிடுவாள். பேர் வந்ததும் சொந்தக்காரருக்கு ஒரு மருமகன் முளைத்துவிடுவார். "தங்கச்சி, கடைய எங்கட ஆள் கேக்கார்" என்பார்கள். மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பஹீமா வீட்டுக்குத் திரும்புவாள்.

மூன்றாவது முறை திரும்பி வந்தபோது, தைக்கக் கிடந்த பெருநாள் உடுப்பையெல்லாம் கட்டிலில் கொட்டிவிட்டு அழுதாள். அழுது முடித்ததும் கணவன் றிஸ்வியிடம் சொன்னாள்: "இனி உறுதிப் பத்திரம் எழுதாம ஒரு கடைக்குள்ளயும் கால் வைக்க மாட்டன். செல்லிட்டன்."

அப்படித்தான் செங்கலடிச் சந்திக்குக் கிட்ட கந்தப்போடியாரின் கடை அகப்பட்டது. போடியார் கொக்கட்டிச்சோலைக்காரர். பெரிய வட்டையில் வயல் உள்ளவர், நல்ல மனிசன். ஆனால் கடதாசி என்றால் அவருக்குக் காய்ச்சல் வரும். வயலை வாய்ச்சொல்லில்தான் கொடுப்பார், வாய்ச்சொல்லில்தான் வாங்குவார். கடையை ஐந்து வருடத்துக்கு எழுதித் தரும்படி பஹீமா கேட்டதும், காணியையே பிடுங்க வந்தவளைப் போலப் பார்த்தார். றிஸ்வி நாலைந்து தரம் நடந்த பிறகு போடியார் ஒருவாறு இணங்கி, உறுதி எழுதும் நொத்தாரிசு துசாந்தினியின் அலுவலகத்துக்கு வந்துசேர்ந்தார்.

பஹீமா தெரிந்த ஒருவரின் பழைய குத்தகை உறுதியைப் பார்த்து எழுதிய வரைவைக் கொண்டுவந்திருந்தாள். துசாந்தினி அதை வாசித்துக்கொண்டு போய் ஒரு வரியில் நின்றாள். 'செலவுகளை இரு தரப்பினரும் வழக்கப்படி பொறுத்துக்கொள்வர்' என்று அதில் இருந்தது.

"இதில என்ன செலவு, ஆர் பொறுக்கிற எண்டு ஒண்டும் இல்லையே," என்றாள். "முத்திரைத் தீர்வை ஒண்டு. காணிப் பதிவகத்தில பதியிற கட்டணம் இன்னொண்டு. என்ட கட்டணம் வேற. மூண்டையும் பேர் சொல்லி எழுதாட்டி மறுகா ரெண்டு பேரும் என்னட்டத்தான் சண்டைக்கு வருவீங்க."

"கடதாசி கேட்டது அந்தப் புள்ள," என்றார் போடியார். "அவவே கட்டட்டும்."

"வழக்கமும் அதுதான் போடியார். குத்தகைக்கு எடுக்கிற ஆள்தான் முத்திரை கட்டுற. ஆனா ரெண்டு பேரும் சம்மதிச்சா வேற மாதிரியும் எழுதலாம்."

பஹீமா தயாராகத்தான் வந்திருந்தாள். ஒரு மாத வாடகைக்குக் கணக்குப் பார்த்து, ஒரு சின்னத் தொகையைப் பேர்ஸில் வைத்திருந்தாள். அவள் கணக்கைச் சொன்னதும் துசாந்தினி இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"மாத வாடகைக்கில்ல பஹீமா. அஞ்சு வருச வாடகை முழுசையும் கூட்டி, அதுக்குத்தான் தீர்வை. வீதமும் முந்தி இருந்தத விட இப்ப ரெண்டு மடங்கு. நீங்க பார்த்து எழுதினது பழைய உறுதி."

பஹீமா பேர்ஸை மூடினாள். கையில் மிச்சம் இருந்த காசு ஓவர்லொக் மெஷினுக்கு. அது இல்லாமல் சீருடை ஓடர் எடுக்க முடியாது. முத்திரைக்குக் கொடுத்தால் மெஷின் இல்லை, மெஷின் வாங்கினால் உறுதி இல்லை.

அவள் முகத்தைப் பார்த்துப் போடியாருக்கும் பாவமாகிவிட்டது. உதவுகிறேன் என்று ஒரு யோசனையை எடுத்து விட்டார். "ஏன் புள்ள, உறுதியில வாடகையக் குறைச்சு எழுதுவம். மிச்சத்தக் கையில தா. தீர்வையும் குறையும்தானே?"

"அந்த வேலைக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன்," என்றாள் துசாந்தினி. "அரசாங்கத்த ஏமாத்திற வேல அது. அதோட, நாளைக்கு இவ வாடகை தராட்டி எழுதின காசத்தான் நீங்க கேக்கலாம். கையில வாங்கினதுக்கு என்ன சாட்சி?"

போடியார் அந்த யோசனையை உடனே விழுங்கிவிட்டார்.

"அப்ப வருசா வருசம் எழுதுவமே? ஒரு தரத்துக்கு ஒரு வருசத் தீர்வைதானே?"

"வேணாம் போடியார்!" பஹீமா சத்தம் போட்டே விட்டாள். "வருசம் முடிய உங்கட மருமகன் வந்து நிப்பார்!"

"எனக்கு மருமகனே இல்லையே புள்ள!"

"எல்லாருக்கும் வாறார் போடியார். எனக்கு மூணு தரம் வந்திட்டார்."

துசாந்தினியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. போடியாருக்கு விசயம் விளங்கவில்லை. பஹீமா மூன்று கடைக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கேட்கக் கேட்க அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன அநியாயம்! உழைச்சவள்ட தலையில முழு நட்டமுமா? எங்கட வயலில இப்பிடி நடக்குமா? வாரத்துக்குச் செய்தா, சூடடிச்ச உடன பொலியில இருந்து முதல் செலவ எடுத்துப்போட்டு, மறுகாதான் பங்கு பிரிக்கிற. ஒருத்தன்ட தலையில மட்டும் போடுறல்ல."

கதிரடித்துக் களத்தில் குவித்த நெல்லைத்தான் அவர் பொலி என்றார். பஹீமா தையற்காரி. துணி எந்தப் பக்கம் இழுபடும் என்று கை வைத்ததும் தெரிந்துவிடும்.

"அப்ப இஞ்சயும் அப்பிடிச் செய்வமே? இண்டைக்கு உங்களுக்கு முன்வாடகை கொண்டு வந்திருக்கன். அதுதான் எங்கட பொலி. செலவ அதில இருந்து எடுப்பம்."

"அதுதானே ஞாயம்!" என்றார் போடியார், கம்பீரமாக.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் துசாந்தினி. "முன்வாடகை உங்கட காசு. அதில இருந்து எடுத்தா முழுச் செலவும் உங்கட தலையிலதான் விழும்."

போடியார் மேசையில் தட்டிச் சிரித்தார். "நல்லா வெட்டித் தைச்சிட்டா புள்ள!"

"முழுசும் வேணாம் போடியார்," என்றாள் பஹீமா. "பாதி என்ட. ஆனா இப்ப இல்ல, மாதாமாதம் வாடகையோட தாறன்."

போடியார் கூரையைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். தலையாட்டினார். துசாந்தினி எழுதி வாசித்தாள்.

'இவ்வுறுதிக்குரிய முத்திரைத் தீர்வையையும் காணிப் பதிவகப் பதிவுக் கட்டணத்தையும், தாம் பெற்றுக்கொண்ட முன்வாடகையிலிருந்து குத்தகைக்குக் கொடுப்பவர் செலுத்துதல் வேண்டும். ரசீதுகளிற் காணப்படும் தொகையின் சரிபாதியைக் குத்தகைக்காரர் முதலாம் வருடத்தில் மாத வாடகையுடன் சம தவணைகளாக அவருக்குச் செலுத்துதல் வேண்டும். நொத்தாரிசுக் கட்டணத்தை இரு தரப்பினரும் சரிபாதியாகச் செலுத்துதல் வேண்டும்.'

"ரசீது எண்டு ஏன் போட்டது?" போடியார் கேட்டார்.

"தொகைய ஒருத்தரும் மனக்கணக்கில சொல்லக்கூடாது எண்டுதான். ரசீதில என்ன கிடக்கோ அதுதான்."

றிஸ்வியும் அலுவலகத்துக்குக் கீழே இருந்த மருந்துக்கடைக்காரரும் சாட்சிக்கு நிற்க, எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். உறுதியைப் பதிவகத்தில் பதிந்துவிட்டால் கடை கைமாறினாலும் வாங்குகிறவர் இந்த ஐந்து வருடத்தை மதிக்கத்தான் வேண்டும் என்று துசாந்தினி சொன்னாள். பஹீமா அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். காது குளிர்ந்தது.

புதுக் கடை பிடித்துக்கொண்டது. வந்தாறுமூலைக் கெம்பஸ் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஓவர்லொக் மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. போடியார் வாடகை வாங்க வரும்போதெல்லாம் ஒரு பிளேன்டீயும் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்.

அப்படி ஒருநாள் அவர் வாசலில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்க, மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். போடியாரின் தம்பி மகனாம். ஃபோன் கடை போடப்போகிறாராம். "பெரியப்பா, இந்தக் கடைய எனக்குத் தாங்க. இவ தாறத விடக் கூடத் தாறன். நம்மட ஆள்தானே நான்."

உள்ளே பஹீமாவின் கால் மிதியில் அப்படியே நின்றது. உறுதி பதிந்தாயிற்று, ஒன்றும் செய்ய முடியாது என்று புத்தி சொன்னது. ஆனால் மூன்று தரம் பட்ட மனது அதைக் கேட்கவில்லை. போடியார் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

போடியார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏலா மகன். அஞ்சு வருசத்துக்கு எழுதியாச்சு."

"கடதாசிதானே பெரியப்பா. பேசிக் கிழிப்பம்."

"கிழிக்கிறதா?" போடியாருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தக் கடதாசிக்கு முத்திரை கட்டினதில பாதி என்ட காசுடா! நீ போய் வேற இடம் பார்!"

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. பஹீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிதியில் காலை வைத்தாள்.