கோரிக்கை இல்லை என்ற முத்திரை

குடிநீர் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக உறை பிரித்துக்கொண்டிருந்த தபால் அக்காவின் வாழ்க்கையில் வீரச்செயல் என்று சொல்ல ஒன்றுதான் உண்டு. ஒரு முத்திரையைக் குத்த மாட்டேன் என்றார். உலக வரலாறு இதைக் கவனிக்கத் தவறியதால் நாம் எழுதிவைக்க வேண்டியதாகிவிட்டது.

அவர் மேசைக்கு ஒரு கால் ஆடும். ‘மக்கள் குறை தீர்ப்போம்’ என்ற சுற்றறிக்கையை மடித்து அதற்கடியில் வைத்திருந்தார். அந்தச் சுற்றறிக்கை செய்த ஒரே உருப்படியான வேலை அது.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்து அம்மா ஆய்வுக்கு வருகிறார், நிலுவை பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது மேலாளரின் லட்சியம். அதற்காகவே ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தார்: ‘கோரிக்கை இல்லை – முடிக்கப்பட்டது’. தலை கால் புரியாத மனு எதுவானாலும் குத்து ஒன்று வாங்கிக்கொண்டு அடித்தளத்து ஆவண அறைக்குப் போய்விடும். தபால் அக்கா லீவு போட்டிருந்த இரண்டு மாதமும் அவர் இடத்தில் உட்கார்ந்து மேலாளரே குத்தியிருக்கிறார்.

புதன்கிழமை காலை மூன்று கடிதம் மிச்சம். ஒன்றில், ‘புதுக் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது, நன்றி’ என்றிருந்தது. இரண்டாவதில், ‘எங்கள் தெரு நிலைமை உங்களுக்கே தெரியும், பார்த்துச் செய்யுங்கள்’. மூன்றாவது, புகார்ப் பெட்டியில் யாரோ போட்டது. இரண்டு பக்கம், அலுவலகத்தில் எவருக்கும் தெரியாத எழுத்து.

“மூணுலயும் குத்திடும்மா, விட்டது சனி.”

“முதல் கடுதாசியில குத்தறேன் சார். மத்த ரெண்டுல மாட்டேன்.”

“ஏன், கை வலிக்குதா?”

“கை கல்லு மாதிரி இருக்கு. மனசாட்சிதான் சுளுக்கிக்கிச்சு.”

“எனக்கே புரியலைன்னா அதுல கோரிக்கை இல்லைன்னுதானே அர்த்தம்?”

“உங்களுக்குப் புரியாததெல்லாம் இல்லைன்னு ஆயிட்டா, பாதி உலகம் காணாமப் போயிடும் சார்.”

அரை மணியில் மெமோ வந்தது. மாலைக்குள் எளிய சொற்களில் விளக்கம் தர வேண்டும்; நிலுவையும் தீர வேண்டும்; தவறினால் அடித்தளத்துக்கு மாற்றம். அடித்தளம் என்றால் நாற்பது படி, ஜன்னல் கிடையாது. தபால் அக்காவின் முட்டிக்கு நான்கு படியே அதிகம்.

தபால் அக்கா எழுதினார்: ‘ஐயா, என் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்து, “நல்லா இருந்துச்சு” என்று கை கழுவப் போகிறார். அவர் சொன்னது எனக்குப் புரிகிறது; அதில் கேட்பது ஒன்றுமில்லை. இதுதான் கோரிக்கை இல்லாதது. இன்னொரு நாள், “அதை எடு” என்கிறார். ஏதோ வேண்டும், எது என்று தெரியவில்லை. இது தெளிவில்லாதது. “எதுங்க?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். என் பேத்திக்கு மூன்று மாதம், வீறிட்டு அழுகிறாள். அவளைப் பொறுத்தவரை தெளிவாகத்தான் பேசுகிறாள்; குறை என் காதில். பசியா, வலியா, சும்மாவா என்று அறியும் வரை, கேட்டாள் என்றும் சொல்ல முடியாது, கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இது தெரியாத மொழி. அவள் முதுகில் முத்திரை குத்தினால் என் மருமகள் என்னைச் சும்மா விடமாட்டாள்.’

கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘உங்கள் தெருவில் என்ன செய்ய வேண்டும், எந்த இடத்தில்?’ என்று இரண்டாம் கடிதத்துக்குப் பதில் போட்டார். மூன்றாவதை எடுத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்துத் தையற்காரரிடம் போனார். வெளிநாட்டுக்காரர், எழுத்தைப் பார்த்ததும், “எங்க ஊர் எழுத்தாச்சே!” என்றார். அவர் சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டு திரும்பினார்.

மேலாளர் அதைப் படித்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். “கசிவை அடைச்சதுக்கு நன்றியாம்! ரெண்டு பக்கம் நன்றி! நான் சொன்னேன்ல, கோரிக்கை இல்லைன்னு?”

“இப்பதான் சார் இல்லை. காலையில அது நமக்குத் தெரியாது.” முத்திரையை வாங்கித் தபால் அக்காவே ஓங்கிக் குத்தினார். மேசை ஆடியது.

“அப்ப அந்த ரெண்டாவது?”

“பதில் வரட்டும். அதுவரைக்கும் நிலுவை ஒண்ணு.”

பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரம் நாற்பது படி என்று மேலாளர் அன்றே ஆணையிட்டார்.

மறுநாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவாக இறங்கினார் தபால் அக்கா. கீழே மூன்று சாக்கு மூட்டை. ஒன்றை அவிழ்த்தார். உள்ளே இருந்த அத்தனை கடிதத்திலும் அந்த முத்திரை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேலாளர் மேசையில் ஒரு பட்டியல் இருந்தது. உண்மையிலேயே கோரிக்கை இல்லாதவை ஒன்பது. திருப்பிக் கேட்க வேண்டியவை நூற்று நாற்பது. படித்துச் சொல்ல ஆள் வேண்டியவை இருபத்தாறு. கீழே ஒரு வரி: ‘நகல் – ஆய்வு அலுவலர் அம்மாவுக்கு.’

மேலாளர் நாற்பது படியும் ஓடி வந்தார். “என்னம்மா வேணும் உனக்கு?”

“முடிஞ்சதுன்னு குத்தின அத்தனையும் மறுபடி திறக்கணும் சார். தெளிவாத்தான் கேக்கறேன், உங்களுக்குத் தெரிஞ்ச மொழியிலதான் கேக்கறேன்” என்ற தபால் அக்கா, அடுத்த உறையை எடுத்தார். “குத்தறதுன்னா குத்துங்க. முத்திரை மேலதான் இருக்கு, போய் எடுத்துட்டு வாங்க.”