பட்டை எனக்கு, மாத்திரை அவளுக்கு

சூரமங்கலத்தில் ரயில் டிக்கெட் முன்பதிவு கவுண்ட்டரில் வேலை பார்த்தபோது எனக்கு மாதவிடாய் நின்று ஒரு வருடம் தாண்டியிருந்தது. கழுத்திலிருந்து திடீரென்று அனல் ஏறும். இரண்டே நிமிடத்தில் ரவிக்கை நனைந்துவிடும். சக ஊழியர்கள் மின்விசிறியை என் பக்கம் திருப்பியே வைத்திருந்தார்கள்.

மகளிர் மருத்துவர் ரத்தம், மார்பகம், கர்ப்பப்பை எல்லாம் பரிசோதித்தார். எனக்கு ட்ரைகிளிசரைடு அதிகம் என்பதால் ஈஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வேண்டாம் என்றார். மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போகும், அந்தக் கொழுப்பை ஏற்றலாம், ரத்தம் உறையும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். தோலில் ஒட்டினால் மருந்து உள்ளே இறங்கும் ‘பேட்ச்’ என்ற பட்டையில் அந்தத் தொல்லை குறைவு என்றார். ஆகக் குறைந்த அளவுகளில் ஒன்று, இருபத்தைந்து மைக்ரோகிராம். இடுப்புக்குக் கீழே ஒட்டி, வாரம் இருமுறை புதுப் பட்டையை இடம் மாற்றி ஒட்ட வேண்டும். கூடவே தினமும் தூங்கப்போகும்போது நூறு மில்லிகிராம் மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல் ஒன்று.

மறந்துவிடுவேனோ என்று அந்த கேப்ஸ்யூலைக் காலை இட்லியோடு விழுங்கிவந்தேன். தினமும் பத்து மணிக்குக் கண் சொருகும். இரண்டரை மாதம் கழித்து ஒருநாள், கோயம்புத்தூர் கேட்டவருக்குக் கோட்டயம் அடித்துக் கொடுத்துவிட்டேன். “அவ்வளவு தூரம் எனக்கு வேலை இல்லைங்க மேடம்” என்று சிரித்தபடி அவர் சீட்டைத் திருப்பி நீட்டினார்.

அந்த ஞாயிறு ஜேடர்பாளையத்திலிருந்து என் கொழுந்தனார் மனைவி வந்தாள். அவளும் அதே மருத்துவரிடம்தான் பார்க்கிறாள். அவளுக்கு ஈஸ்ட்ராடியோல் மாத்திரை ஒன்று மட்டும். இரண்டாவது மருந்தே கிடையாது. அவளே நன்றாக இருக்கிறாளே என்று மறுநாளிலிருந்து நானும் புரோஜெஸ்டிரோனை நிறுத்தினேன்.

பத்து நாள் கழித்து, மூன்று மாத மறுபரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே போனோம். நான் நிறுத்தியதைச் சொன்னதும் மருத்துவர் பேனாவை வைத்தார். நான் கொழுந்தனார் மனைவியைக் கைகாட்டினேன்.

“ஏனுங்க்கா, எனக்குத்தான் கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்களே. உங்களுக்கு அது இருக்குதில்லீங்க?” என்றாள் அவள்.

மருத்துவர் சிரித்துவிட்டார். கர்ப்பப்பை இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் மட்டும் போனால் அதன் உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், நாளாக ஆகப் புற்றுநோயில்கூட முடியலாம். அதைத் தடுக்கத்தான் இந்த மருந்து, தூக்கம் வரவழைப்பதும் இதன் குணம் என்றார்.

“படுக்கப்போறப்ப போடுங்க. சும்மா வர்ற தூக்கத்தை ஏன் ஆபீஸ்ல செலவு பண்றீங்க?”

எனக்கு அனல் பாதிதான் குறைந்திருந்தது. அதனால் பட்டையை ஐம்பதுக்கு ஏற்றினார். அவளுக்கு மார்பு வலித்ததால் இரண்டு மில்லிகிராமிலிருந்து ஒன்றுக்கு இறக்கினார். அளவைத் தீர்மானிப்பது ரத்தப் பரிசோதனையைவிட நம் உடம்பு சொல்வதுதானாம்.

ஐம்பதுக்கு மாறிய முதல் வாரம் ஒரு பட்டை உரிந்து வந்தது. அலைபேசியில் அவளிடம் புலம்பினேன். குளித்ததும் தேங்காய் எண்ணெய் பூசினீர்களா என்று கேட்டாள். பூசியிருந்தேன். ஈரமோ எண்ணெயோ இல்லாத தோலில் ஒட்டிப் பத்து நொடி உள்ளங்கையால் அழுத்தினேன். அப்புறம் உரியவில்லை.

இரண்டு மாதத்தில் மின்விசிறியைப் பொதுவாகச் சுழலவிட்டோம். நான் ஆறு மணி நேரம் அசையாமல் தூங்குகிறேன். என் குறட்டையால் தன் தூக்கம் போவதாக வீட்டுக்காரர் புகார் சொல்கிறார். அவருக்கு மருந்து எதுவும் எழுதித்தர மறுத்துவிட்டார் மருத்துவர்.