பூட்டு அக்கா

மருத்துவமனை விளம்பரப் பிரிவில் அவளுக்குப் 'பூட்டு அக்கா' என்று பெயர். புரோஷர் அச்சுக்குப் போகும்முன் அவள் அனுப்பும் மெயில் அப்படி: "புதன் மாலை ஐந்து மணியோடு வாசகம் இறுதி. அதன்பின் ஒரு புள்ளிகூட மாறாது. இறுதி ஒப்புதல் மேலாளருடையது."

அந்தப் புதன் ஐந்தே காலுக்கு ஆய்வக உதவியாளர் மூச்சிரைக்க வந்தாள்.

"அக்கா, டெக்னீஷியனா ப்ரமோஷன் ஆர்டர் இப்பத்தான் கைக்கு வந்துச்சு. என் படத்துக்குக் கீழ 'உதவியாளர்'ங்கிறத மட்டும் மாத்துங்களேன்."

"பூட்டியாச்சும்மா. அடுத்த தடவ பாக்கலாம்."

ஆறு மணிக்கு மேலாளர் போன் செய்தார். அவர் பதவிக்கு முன்னால் 'முதுநிலை' சேர்க்க வேண்டுமாம். அக்கா மறுபேச்சில்லாமல் கோப்பைத் திறந்து, சேர்த்து, ஒப்புதல் வாங்கி, அச்சகத்துக்கு மறுபடி அனுப்பினாள். திறந்த கையோடு அந்தப் பெண்ணுக்காகவும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை.

புரோஷர் அச்சாகி வந்ததும் அந்தப் பெண் மேலாளர் படத்தையும் தன் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மடித்து வைத்துவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பினாள்.

அடுத்த அச்சில் அக்கா மறக்காமல் 'டெக்னீஷியன்' என்று மாற்றினாள். என்ன பிரயோசனம்? ஆண்டுகள் ஓடியும், அக்காவின் மெயில் போன மறுநிமிடமே முதல் பதில் ஆய்வகத்திலிருந்து அவளிடமிருந்துதான் வருகிறது: "எனக்குத் திருத்தம் எதுவும் இல்லை."