கிசுகிசுப்பில் கசிந்த சந்தேகம்

குரல்நாணில் முளைத்திருந்த சிறு கட்டியை எடுத்துவிட்டு, "கொஞ்ச நாளைக்குக் குரலே வரக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். கோல சிலாங்கூர் வட்டாரக் கல்யாணங்களில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துகிறவன் நான். அடுத்த கல்யாணம் செரண்டாவில். புண் ஆறாவிட்டால் அந்த மைக் வேறொருவன் கைக்குப் போய்விடும். குரல்தானே கூடாது, கிசுகிசுக்கலாம் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

வினை அங்கேதான் வந்தது. சமையலறையில் முதுகைக் காட்டி நிற்கும் மனைவிக்கு, அவளைப் பற்றி நான் கிசுகிசுத்தது ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல் விளங்கியது. எனக்குப் பகீரென்றது. கிசுகிசுப்பில் தொண்டை அதிராது. 'பம்பரம்' என்றால் முதல் 'ப' அதிராது, நடுவில் வரும் 'ப' அதிரும். அதிர்வே போன பிறகு இரண்டும் எப்படி வேறாகத் தெரியும்? ஒன்று, இவள் நடிக்கிறாள். அல்லது என் குரல் கசிகிறது!

சோதித்தேன். மலாயில் காலை நேரத்துக்கும் 'பாகி', கொடு என்பதற்கும் 'பாகி'. முன்னதில் 'ப' அதிராது, பின்னதில் அதிரும். கதவுக்குப் பின்னால் நின்று, "இது பாகி" என்று மாற்றி மாற்றிக் கிசுகிசுத்தேன்.

"காலை... கொடு... கொடு... ஏங்க, பைத்தியமா புடிச்சிருக்கு?"

பெரும்பாலும் சரி. தப்பியபோதெல்லாம் 'கொடு'வைக் 'காலை' என்றாள்.

"கதவு இடுக்குல பாக்குறியா?"

"உங்க மூஞ்சிய இருவது வருசமா பாக்குறேன், போதும் லா."

மறுநாள் மனைவியும் கூட வர, மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம், குரல் கசிகிறது என்று எழுதிக் காட்டினேன். அவள் என் தொண்டையில் விரலை வைத்து, கிசுகிசுக்கச் சொல்லிப் பதிவும் செய்தாள்.

"குரல் வந்தா திரையில ஒழுங்கா கோடு கோடா வரும், அங்கிள். பாருங்க, வெறும் மூச்சு, மழைத் தூறல் மாதிரி. ஒண்ணும் கசியல."

"அப்ப இவளுக்கு எப்படி?" என்று எழுதினேன்.

"அதிர்வு போனாலும் வாய் பழசை மறக்கல. அதிராத 'ப'வுக்கு உதட்டை இன்னும் கொஞ்ச நேரம் மூடி, பலமா வெடிக்கிறீங்க. அதிர்ற எழுத்துக்கு மூடுறது சின்னது, அதுக்கு முன்னால வர்ற உயிரெழுத்து கொஞ்சம் நீளும். ஆன்ட்டி காது அதைப் புடிச்சுக்குது. ஆனா சிலது தப்பும்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு தீர்ப்பே இருந்தது. எனக்கோ மகிழ்ச்சி. கிசுகிசுக்க அனுமதி கிடைத்துவிட்டதே!

"ஆனா அங்கிள், கதவைத் தாண்டிக் கேக்குற அளவுக்கு கிசுகிசுத்தா, தொண்டையை இறுக்குறீங்கன்னு அர்த்தம். புண்ணுக்கு அதுவும் கெடுதல். இனிமே அதுவும் கூடாது."

செரண்டாவில் மைக் என் கையில்தான் இருந்தது. குரலும் வந்தது, பழைய லோரி ஸ்டார்ட் ஆவது மாதிரி. முன் வரிசையில் மனைவி. அவளைப் பற்றி இப்போதெல்லாம் நான் மனசுக்குள்ளேயே நினைத்துக்கொள்வதோடு சரி. அதுவும் உதட்டை இறுக மூடிக்கொண்டு.